இன்டக்‌ஷன் அடுப்பு E காட்டி அணைந்தால்: மெக்கானிக்கை அழைக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

மாலை ஏழரை மணி. குக்கரில் பருப்பைப் போட்டு 2000 வாட்டில் வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூன்று முறை பீப் அடித்து E3 என்று மின்னி அடுப்பு அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மறுநாள் காலையில் அதே குக்கரில் அதே பருப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் வெந்தது. சாயங்காலம் திரும்பவும் E3.

இணையத்தில் தேடியபோது E3 என்றால் சூடு அதிகம் என்று ஒரு பட்டியல் சொன்னது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கும் போனிலேயே "ஃபேன் போயிருக்கும்" என்றார். 650 ரூபாய் கொடுத்து ஃபேனை மாற்றினேன். அடுப்பு மூன்று நாள் அவர் கடையில் இருந்தது. திரும்பி வந்த அன்று மாலையே அதே E3. உண்மையான கோளாறு அடுப்பில் இல்லை, சமையலறைச் சுவருக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்து முடிக்க மொத்தம் பதினோரு நாள் ஆனது. சரியான வரிசையில் பார்த்திருந்தால் ஒரு நாள் மாலையிலேயே முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. அடுப்பின் அடி மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் போர்டில் வீட்டு மின்சாரம் நேரடியாக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். கீழே சொல்லும் சோதனைகள் எதற்கும் அடுப்பைத் திறக்க வேண்டியதில்லை.

1. குறியீட்டைவிட, அது எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதை எழுதுங்கள்

குறியீட்டு எண்கள் எல்லா கம்பெனிக்கும் பொதுவானவை அல்ல. ஒரு கம்பெனியில் E1 லோ வோல்டேஜ், இன்னொன்றில் அதே E1 சூடு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும். அதனால் எந்த மாடலுக்கு என்று சொல்லாத பொதுப் பட்டியலை நம்பாதீர்கள். எனக்கு ஃபேன் செலவு வைத்தது அப்படி ஒரு பட்டியல்தான்.

நேரம் அப்படி ஏமாற்றாது. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, அடுப்பை ஆன் செய்ததிலிருந்து குறியீடு வரும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

ஆன் செய்த சில விநாடிகளிலேயே பீப் அடிக்கத் தொடங்கி, பாத்திரம் சூடேறாமலே ஒரு நிமிடத்துக்குள் அணைந்தால் முதல் சந்தேகம் பாத்திரத்தின் மேல். நன்றாகச் சூடேறத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் அணைகிறது, அதுவும் வாட்டைக் கூட்டும்போதோ சாயங்காலத்திலோதான் அணைகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். பத்து, இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிய பிறகு அணைந்து, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் சூடு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இரவு முழுக்க சும்மா இருந்த அடுப்பு, காலையில் முதல் தடவை போட்டதுமே சூடு சம்பந்தமான குறியீட்டைக் காட்டினால் அது சூடே அல்ல. சூட்டை அளக்கும் சென்சர் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, நேராக 6-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

குறியீடு மின்னுவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே அந்தக் கோளாறு வராமலே போகலாம். அப்போது கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

2. அடியில் இருக்கும் ஸ்டிக்கர், பில், கையேடு

பிளக்கைக் கழற்றி, கண்ணாடி ஆறிய பிறகு, அடுப்பைத் துண்டின் மேல் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், வரிசை எண், வாட், வோல்டேஜ் எல்லாம் அதில் இருக்கும். தெளிவாக ஒரு படம் எடுங்கள். பழைய அடுப்பு என்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மங்கியிருக்கும். ஈரத் துணியால் மெதுவாகத் துடையுங்கள், தேய்த்தால் எழுத்தே போய்விடும்.

அந்த மாடல் எண்ணை அப்படியே போட்டு கம்பெனியின் சொந்தத் தளத்தில் கையேட்டைத் தேடுங்கள். கடைசிப் பக்கங்களில் குறியீட்டு அட்டவணை இருக்கும். என் கையேட்டில் E3-க்கு நேரே லோ வோல்டேஜ், 170 வோல்ட்டுக்குக் கீழே என்று தெளிவாக இருந்தது. கையேட்டைப் பெட்டியோடு பரணில் போட்டிருந்தேன். ஃபேன் மாற்றிய பிறகுதான் இறக்கிப் பார்த்தேன்.

பில்லையும் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்திலிருந்து பில்லை இறக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கியிருந்தால் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதே கடைக்குப் போய்ப் போடச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக்கிடம் கொடுக்கவே கூடாது. திருகின் மேல் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்தால் வாரண்டி அதோடு போச்சு.

3. பாத்திரம்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் வெளி அடியில் வையுங்கள். கவ்விப் பிடித்தால் பாத்திரம் சரி. வழுக்கி விழுந்தால் அந்தப் பாத்திரம் இந்த அடுப்புக்கு ஆகாது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள்.

எவர்சில்வர் என்றால் எல்லாம் ஓடும் என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. சாதம் வடிக்கும் பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது, அல்லது லேசாக ஒட்டி நழுவும். அந்த லேசான பிடிதான் தொல்லை. அடுப்பு ஒரு நொடி பாத்திரம் இருக்கிறது என்று நினைக்கும், அடுத்த நொடி இல்லை என்று நினைக்கும், விட்டு விட்டு ஓடிக் கடைசியில் அணையும். அலுமினியக் குக்கர், செம்பு அடி போட்ட பாத்திரம், மண்சட்டி, கண்ணாடி எதுவும் ஓடாது. இரும்புத் தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் ஓடும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். குழிவான கடாய் ஆகாது.

இன்டக்‌ஷன் அடி போட்டது என்று சொல்லி விற்கும் அலுமினியக் குக்கரில் அடியில் ஒரு இரும்புத் தகட்டை அழுத்தி ஒட்டியிருப்பார்கள். நாலைந்து வருடம் ஓடிய பிறகு அந்தத் தகடு நடுவில் புடைத்துக்கொள்ளும். காந்தம் ஒட்டும், ஆனாலும் அடுப்பு பீப் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியின் குறுக்கே ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கேலுக்கும் அடிக்கும் இடையில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி இருந்தால் அந்தக் குக்கரைக் கேஸ் அடுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடியின் மேல் வைத்து ஒரு ஓரத்தை விரலால் அழுத்தினால் மறு ஓரம் தூக்கிக்கொள்கிறதா என்றும் பார்க்கலாம்.

அளவும் முக்கியம். அடியின் குறுக்களவு 12 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று முடிவு செய்துவிடும். காபிக்குப் பால் காய்ச்சும் சின்னக் கிண்ணத்தில் வரும் குறியீட்டுக்கு இதுதான் காரணம். காந்தம் ஒட்டாத பாத்திரத்துக்காகக் கடையில் ஒரு இரும்புத் தகடு விற்பார்கள், அதை அடுப்பின் மேல் வைத்து அதன் மேல் பாத்திரத்தை வைக்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். தகடுதான் கடுமையாகச் சூடாகும், பாத்திரத்துக்குக் கொஞ்சம்தான் போகும், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சர் அடுப்பை அணைத்துவிடும்.

இனி வரும் எல்லாச் சோதனைக்கும் ஒரே பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் இறுக ஒட்டுகிற, தட்டையான, 16 முதல் 20 சென்டிமீட்டர் அடியுள்ள பாத்திரத்தில் அளந்து ஒரு லிட்டர் தண்ணீர். 2000 வாட்டில் அது மூன்று, மூன்றரை நிமிடத்தில் கொதிக்க வேண்டும். ஆறு, ஏழு நிமிடம் எடுத்தால் எங்கோ சக்தி குறைகிறது என்று பொருள், குறியீடு வராவிட்டாலும் சரி.

4. வோல்டேஜ்

பெரும்பாலானவர்கள் தவறுகிற படி இதுதான். லைன் வோல்டேஜ் குறைவு, நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிடுவார்கள். லைனில் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் மீதி வீட்டுக்குள்ளே தொலைகிறது.

முதலில் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மிக்ஸி போடுகிற சின்ன 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1380 வாட்தான். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருகுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்கள். அதையும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரையும் இந்த அடுப்புக்குப் பயன்படுத்தவே கூடாது. குறியீடு வருவது சின்ன விஷயம், உருகித் தீப்பிடிக்கும்.

பத்து நிமிடம் சமைத்த பிறகு, ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகிய வாடை இதில் ஒன்று இருந்தாலும் அந்த சாக்கெட்டை அன்றே நிறுத்துங்கள்.

அடுத்து வோல்டேஜை அளக்க வேண்டும். சாக்கெட்டில் நேராகச் செருகினால் திரையில் எண்ணைக் காட்டுகிற டிஜிட்டல் வோல்ட்மீட்டர் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். நான் 280 ரூபாய்க்கு வாங்கினேன். சமையலறை ஸ்விட்ச் போர்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகி, நான்கு எண்களை எழுதுங்கள்: காலையில் அடுப்பு ஓடாதபோது, ஓடும்போது. பிறகு மாலையில் குறியீடு வருகிற நேரத்தில் அதே இரண்டு.

எனக்கு வந்தது இது. காலையில் சும்மா இருக்கும்போது 226, அடுப்பு 2000 வாட்டில் ஓடும்போது 214. மாலையில் சும்மா 190, ஓடும்போது 178. 178 என்பதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். கையேடு 170-க்குக் கீழே என்கிறது, மீட்டர் 178 காட்டுகிறது, அடுப்போ லோ வோல்டேஜ் என்று அணைகிறது. அடுப்புதான் தப்பு சொல்கிறது என்று நினைத்து அன்று விட்டிருந்தால் அடுப்பின் உள்போர்டையும் மாற்றியிருப்பேன்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் மாலை ஏழு மணிக்கே வந்தார். அந்த நேரத்தில் வரச் சொல்லுங்கள், பகலில் வந்தால் ஒன்றும் தெரியாது. அடுப்பை ஓடவிட்டு, முதலில் கீழே மீட்டர் பெட்டியில் அளந்தார்: 184. அதாவது 190-லிருந்து ஆறு வோல்ட் தெரு லைனில் குறைகிறது. சமையலறைப் போர்டில் நான் பார்த்த அதே 178. மீட்டர் பெட்டியிலிருந்து சமையலறை வரை வரும் வயர் 1 சதுர மில்லிமீட்டர்தான், நீளம் இருபது மீட்டர் இருக்கும். அதில் இன்னொரு ஆறு. பிறகு சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றி, அடுப்பு செருகியிருந்த பெரிய சாக்கெட்டின் பின்பக்கம் பித்தளைத் தகட்டிலேயே அளந்தார். 168.

பக்கத்து சாக்கெட்டில் 178, இந்த சாக்கெட்டில் 168. ஒரு ஜாண் தூரத்துக்குள் பத்து வோல்ட் எங்கே போனது? மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ஃபேஸ் வயரை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தது. வயரின் செம்பு இழைகள் கறுத்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் சுருங்கி ஒரு விரற்கடை பின்வாங்கியிருந்தது. விரலால் தொட்டதும் இரண்டு இழை உடைந்து விழுந்தன. பத்து வோல்ட், எட்டு ஆம்பியர் என்றால் 80 வாட். ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் இரும்பே 25 வாட்தான். அதைப் போல மூன்று மடங்கு சூடு ஒரு சின்னத் திருகில் மாதக்கணக்காக ஏறியிருக்கிறது. E3 வந்ததால்தான் அதைக் கண்டுபிடித்தோம்.

மீட்டர் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுத்து, புதிய 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஸ்விட்சும் போட்டார். வயர், சாமான், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய், அரை நாள் வேலை. வாடகை வீடு என்பதால் கருகிய வயரின் படத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேலை தொடங்கும் முன்பே படத்தோடு கேளுங்கள், முடித்த பிறகு கேட்டால் பேச்சு நீளும். இப்போது மாலையில் லைன் அதே 190-க்கு இறங்குகிறது, ஆனால் அடுப்பு ஓடும்போது சாக்கெட்டில் 181 நிற்கிறது. E3 வருவதில்லை.

உங்கள் எண்களை இப்படிப் படியுங்கள். அடுப்பு ஓடாதபோதே வோல்டேஜ் 180, 175 என்று கிடந்தால் குறை லைனில். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியா என்று கேட்டுவிட்டு, தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் மின் இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். எந்தெந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று தேதியோடு எழுதி வைத்திருந்தால் புகாருக்கு வலு. சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, அடுப்பு போட்டதும் பத்து பதினைந்து வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வயரையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். வோல்ட்மீட்டரில் வோல்டேஜ் சரியாக இருந்தும் அடுப்பு குறைவு என்று சொன்னால், என் வீட்டைப் போல அந்த ஒரு சாக்கெட்டின் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரிசெய்யும் வரை 2000-க்குப் பதில் 1000 அல்லது 1200 வாட்டில் சமைக்கலாம். இழுக்கும் ஆம்பியர் குறைந்தால் விழும் வோல்டேஜும் குறையும், அடுப்பு அணையாமல் ஓடும். ஆனால் பிளக் சூடாகிறது என்றால் இதையும் செய்யாதீர்கள். ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். இந்த அடுப்பைத் தாங்க ஏசிக்கு வைப்பதைப் போன்ற பெரிய ஸ்டெபிலைசர் வேண்டும், அதன் விலையில் புது அடுப்பே வாங்கிவிடலாம். அதுவும் தளர்ந்த திருகு அப்படியே இருக்கும்போது ஸ்டெபிலைசர் ஆபத்தை மறைக்கத்தான் செய்யும்.

வோல்டேஜ் கூடினாலும் அடுப்பு அணையும். மீட்டரில் 260, 270 தெரிகிறது, ஒரு அறையில் விளக்கு மங்கும்போது இன்னொரு அறையில் பளிச்சென்று கூடுகிறது என்றால் நியூட்ரல் வயரின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். மெயினை உடனே அணைத்துவிட்டு மின்வாரியத்தையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். இது மறுநாளுக்குத் தள்ளக் கூடிய வேலை இல்லை, வீட்டில் ஓடும் எல்லாச் சாமானும் எரிந்துபோகும்.

5. சூடு

இந்த அடுப்பில் சூட்டைப் பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கண்ணாடிக்கு நடுவில் அடியில் ஒட்டியிருக்கும் சென்சர், அது பாத்திரத்தின் சூட்டைப் பார்க்கிறது. இன்னொன்று உள்ளே போர்டில், காயிலுக்கு மின்சாரம் அனுப்பும் பாகத்தின் சூட்டைப் பார்க்கிறது. எது என்று தெரிந்துகொள்ள ஒரு லிட்டர் தண்ணீர் வைத்த பாத்திரமே போதும். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடி ரொம்பச் சூடாக வழியில்லை. அப்படியும் பதினைந்து நிமிடத்தில் அணைந்தால் காற்றோட்டம் போதவில்லை. தண்ணீரில் நன்றாக ஓடுகிறது, தோசைக்கல்லிலும் தாளிக்கும்போதும் மட்டும் அணைகிறது என்றால் பாத்திரச் சூடு. அதற்குப் பழுது பார்க்க ஒன்றுமில்லை. காலிக் கல்லை 2000 வாட்டில் காய வைக்காமல் 800, 1000 வாட்டில் வைத்துப் பொறுமையாகக் காய விடுங்கள்.

காற்றோட்டத்துக்கு முதலில் ஃபேன். ஆன் செய்ததும் உள்ளே 'விர்'ரென்று சத்தம் கேட்க வேண்டும், பின்பக்கத் துவாரத்தில் கையைக் காட்டினால் காற்று வர வேண்டும். சத்தம் இருந்து காற்று இல்லையென்றால் துவாரம் அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஃபேன் போய்விட்டது.

அடுப்பு காற்றை இழுப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்து. நம் வீடுகளில் மேடை அழுக்காகக் கூடாது என்று அடியில் செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ போடுவோம். ஃபேன் சுழன்றதும் அந்தத் தாள் மேலே ஒட்டிக்கொண்டு துவாரத்தை மூடிவிடும். எடுத்துவிடுங்கள். பின்பக்கம் சுவருக்கு ஒரு ஜாண் இடம் விடுங்கள். கேஸ் அடுப்பை ஒட்டி வைத்தால் அதன் சூட்டையும் தாளிக்கும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து இழுக்கும். பிசுக்கு பிடித்த துவாரத்தை, பிளக்கைக் கழற்றி ஆறவிட்ட பிறகு, காய்ந்த பழைய டூத்பிரஷால் வெளிப்பக்கமாகத் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விடாதீர்கள், பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள். கரப்பான் பூச்சி உள்ளே போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் சர்வீஸில் சொல்லுங்கள், போர்டின் மேல் அது செத்துக் கிடந்தாலே ஷார்ட் ஆகும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் செய்துகொண்டிருந்த இன்னொரு தவறு, சமைத்து முடித்த கையோடு சுவர் ஸ்விட்சை அணைப்பது. அடுப்பை அதன் பட்டனில் அணைத்த பிறகும் ஃபேன் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி உள்சூட்டை வெளியே தள்ளும். அது நின்ற பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். சூட்டால் குறியீடு வந்து அணைந்தாலும் இதே முறைதான்: பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அப்படியே விட்டு, பத்து நிமிடம் பொறுங்கள்.

6. இவ்வளவும் சரியாக இருந்தால், அடுப்பைக் கொடுக்கலாம்

வாரண்டி இருந்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மாடல் எண், வரிசை எண், பில், வீடியோ எல்லாம் கேட்பார்கள், முதல் இரண்டு படிகளிலேயே எடுத்துவிட்டீர்கள். சொன்ன நாளில் வராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அதே புகார் எண்ணைச் சொல்லுங்கள். கண்ணாடி விரிசலுக்கு வழக்கமாக வாரண்டி கிடையாது. விரிசல் இருந்தால் குறியீடு வராவிட்டாலும் அடுப்பைப் போடாதீர்கள், விரிசல் வழியாகத் தண்ணீர் போர்டுக்கு இறங்கும்.

வாரண்டி முடிந்திருந்தால் மெக்கானிக்கிடம் "E3 வருது, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பாத்திரத்தில், எத்தனை நிமிடத்தில், எத்தனை வோல்ட்டில் என்று சொல்லுங்கள். நான் விசாரித்த மூன்று கடைகளில் ஃபேன் அல்லது சென்சர் மாற்ற 400 முதல் 700 வரை, ஃபியூஸோடு சேர்ந்து போர்டில் காயிலுக்கு மின்சாரம் அனுப்பும் பாகங்கள் எரிந்திருந்தால் 700 முதல் 1,000 வரை, முழு போர்டு என்றால் 1,200-க்கு மேல் சொன்னார்கள். ஐந்தாறு வருட அடுப்புக்கு முழு போர்டு மாற்றச் சொன்னால் நான் மாற்ற மாட்டேன், அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டுப் புதிதாகவே வாங்கிவிடுவேன். தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பாகம் கையில் இருந்தால் ஒரு நாள், வரவழைக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் ஆகும்.

திரும்ப வாங்கப் போகும்போது உங்கள் சோதனைப் பாத்திரத்தையும் கொண்டுபோங்கள். கடையிலேயே தண்ணீர் வைத்து, 2000 வாட்டில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள், சூட்டுக் கோளாறு அதில் தெரியாது. வீட்டுக்கு வந்து அதே சோதனையை மாலை ஏழு, எட்டு மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். கடையில் இருபது நிமிடம் ஓடிய அடுப்பு வீட்டில் இரண்டு நிமிடத்தில் அணைந்தால், மறுபடி மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகாமல் 4-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.